படிக்கடை ஆனி மாதத்தோடு மூடுகிறது

தருமபுரி கடைவீதியில் நாலு கல்படி ஏறி வரும் பாத்திரக் கடை, உங்கள் வாயில் 'படிக்கடை', ஜூலை 16-ஆம் தேதி இரவு கடைசியாக ஷட்டர் இறக்குகிறது. ஆடி பிறந்தால் கடை இல்லை.

அப்பா 1967-இல் ஆரம்பித்தது. சேலத்திலிருந்து மாவட்டம் பிரிந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகாத நேரம். அன்றைக்குப் பித்தளை, வெண்கலம், அலுமினியம்தான் வியாபாரம். எவர்சில்வர் ஒரு அலமாரிக்கு மட்டும் இருந்தது, அதையும் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். களி கிண்டும் குண்டானை மட்டும் இன்றுவரை எங்கள் ஆட்கள் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. அடி கனம் இல்லாத குண்டானைப் பென்னாகரத்துக்காரரிடம் விற்றுவிட முடியாது.

எதற்கு மூடுகிறீர்கள் என்று தினம் பத்துப் பேர் கேட்கிறார்கள். இடத்துக்காரர் வீட்டில் பாகம் பிரிக்கிறார்கள், கட்டிடத்தை விற்கப் போகிறார்கள். வேறு இடம் பார்த்திருக்கலாம்தான். எனக்கு 64 வயது, அந்த நாலு படியே இப்போது நாற்பதாகத் தெரிகிறது. மகள் ஓசூரில், மகன் பெங்களூரில்; ரெண்டு பேரையும் கூப்பிட எனக்கு மனசில்லை. வியாபாரமும் முன்போல் இல்லை. கல்யாணத்துக்கு அண்டா, தவலை எல்லாம் சமையல்காரரே கொண்டு வந்துவிடுகிறார்.

நன்றி சொல்ல நினைத்தால் ஒரு 'ம' தான் ஞாபகத்துக்கு வருகிறது. 1994 வைகாசி, பாலக்கோடு பக்கத்தில் ஒரு கல்யாணம். 60 டம்ளரில் பேர் வெட்டக் கொடுத்தார்கள். சீட்டை நான்தான் எழுதினேன், மாப்பிள்ளை இனிஷியல் 'ம' என்பதை 'ப' என்று எழுதிவிட்டேன். அறுபதும் வெட்டி முடித்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்குத் தெரிந்தது. விடிந்தால் முகூர்த்தம். பேர் வெட்டும் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. உளியை எடுத்து ஒவ்வொரு 'ப'வுக்கும் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வளைவு சேர்த்தார். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன், என் வீட்டுக்காரி துடைத்துத் துடைத்து அடுக்கினாள். போன மாதம் அதே மாப்பிள்ளை மகளுக்குச் சீர் வாங்க வந்தார். "அந்த 'ம' மட்டும் கொஞ்சம் சப்பையா இருக்கும்ல" என்றார். முப்பது வருஷம் தெரிந்தே சொல்லாமல் இருந்திருக்கிறார்! நீங்கள் எல்லாம் இப்படி எத்தனை பொறுத்தீர்களோ.

இனி கணக்கு.

தீபாவளிச் சீட்டு கட்டுபவர்கள் பயப்பட வேண்டாம். மாதம் 300 வீதம் கார்த்திகை முதல் ஆனி வரை 8 தவணைக்கு 2,400 ரூபாய். பன்னிரண்டும் கட்டினால் கடை போடும் 300-இல் எட்டு மாசப் பங்கு 200-ஐயும் சேர்த்து, 2,600-க்குப் பாத்திரமாகவோ ரொக்கமாகவோ வாங்கிக்கொள்ளலாம். அட்டை தொலைந்திருந்தாலும் வாருங்கள், பேரேட்டில் இருக்கிறது.

ஈயம் பூசவும் பேர் வெட்டவும் கொடுத்துவிட்டு எடுக்காத சாமான் 17 இருக்கிறது. அதில் ஒரு பித்தளைச் சொம்பு, கழுத்தில் சிவப்பு நூல் கட்டியபடி, ஆறு வருஷமாக மேல் தட்டில் நிற்கிறது. யாருடையது என்று பாருங்கள். ஜூலை 16-க்குள் வராதவை என் வீட்டில் இருக்கும், பழைய இரும்புக்குப் போடமாட்டேன். பழைய பித்தளைக்கு மாற்றுக் கொடுப்பது மட்டும் இன்றோடு நிறுத்தம்.

கடன் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐநூறு, ஆயிரம் பாக்கி வைத்தவர்களை நான் தேடி வரமாட்டேன். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் சாமான் வாங்காவிட்டாலும் ஒரு தடவை வந்து தலை காட்டிவிட்டுப் போங்கள். மொத்தமாக அண்டா எடுத்த ரெண்டு பேர் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் வீட்டுக்கு வருவேன்.

குக்கர் வாங்கியவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேரண்டி கம்பெனியுடையது. கேஸ்கெட், வெயிட் எல்லாம் எதிர்ச்சாரி ஹார்டுவேர் கடையில் கொடுத்துவிட்டேன், அதே விலைக்குத் தரச் சொல்லியிருக்கிறேன். கடைப் பையனும் ஆடியிலிருந்து அங்கேதான், கேட்டால் எடுத்துக் கொடுப்பான். பேர் வெட்டும் அண்ணன் இனி வீட்டிலேயே வேலை செய்வார். வழி கேட்டால் சொல்கிறேன்.

மீதிச் சரக்கு ஜூன் 20 முதல் வாங்கின விலைக்கே. குத்துவிளக்கு குறைவு, அலுமினியம் நிறைய. காலை 9 முதல் இரவு 8 வரை, ஞாயிறும் உண்டு. பில்லில் இருக்கும் நம்பர் மாறாது, தீபாவளி வரை நான்தான் எடுப்பேன்.

பெரிய தராசை விற்பீர்களா என்று ஏழு பேர் கேட்டாகிவிட்டது. அது அப்பாவுடையது, வீட்டுக்கு வருகிறது.

— படிக்கடை, கடைவீதி, தருமபுரி