பொருள்: செவ்வாய்க்கிழமை நேர்காணல் – லாகர் சரி, பெட்டி ஓரம் உறைந்தது எப்படி? விட்டுப்போன பதில்

வணக்கம் மேடம்,

கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்காகச் செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினீர்கள். உங்களுக்கும் உடன் இருந்த டிஸ்பாட்ச் மேலாளர் சாருக்கும் நன்றி. நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மின்னஞ்சல் கொஞ்சம் நீளம். அவசர வேலை இருந்தால் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி இது. 36 மணி நேரப் பயணம் முடிந்து ஒரு பெட்டி போய்ச் சேர்கிறது. டேட்டா லாகர் ரிப்போர்ட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில்தான் கோடு ஓடுகிறது. ஒரு அலாரம்கூட இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்தவர், ஓரத்தில் இருந்த இன்சுலின் உறைந்திருந்தது என்கிறார். யாரை நம்புவீர்கள்?

“லாகரின் கேலிபிரேஷன் சான்றிதழைப் பார்ப்பேன், அப்புறம் பேட்டரியைப் பார்ப்பேன்” என்றேன். நீங்கள் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். லிஃப்டில் இறங்கும்போதே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்தப் பதிலில், இரண்டில் ஒன்று பொய் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். லாகரைப் பெரும்பாலும் பெட்டியின் நடுவில், மருந்து அட்டைகளுக்கு இடையில் வைப்போம். அது நடுவின் வெப்பநிலையைச் சரியாகவே பதிந்திருக்கும். உறைந்தது ஓரம், அதாவது ஐஸ் பேக் தொட்டுக்கொண்டிருந்த வரிசை. அங்கே பார்க்க ஆளே இல்லை.

இதற்கு மூல காரணம் பெரும்பாலும் பேக்கிங் மேசையில் இருக்கிறது. ஃப்ரீசரில் இருந்து எடுக்கும்போது ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கும். அந்தப் பனி உருகத் தொடங்க வேண்டுமென்றால் முதலில் 0 டிகிரிக்கு ஏறி வர வேண்டும். அந்த ஏற்றத்துக்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பொருளில் இருந்துதான் இழுக்கும், பக்கத்தில் இருப்பதோ மருந்து. பேக் ஒருமுறை 0 டிகிரிக்கு வந்து, பனியும் தண்ணீரும் கலந்த நிலையை அடைந்துவிட்டால் பயம் பெரிதும் குறைந்துவிடும். பனி முழுக்க உருகி முடிகிற வரை அது அந்த 0 டிகிரியிலேயே நிற்கும். ஆக, பயணத்தின் கடைசி மணி நேரங்களைவிடப் பெட்டியை மூடிய முதல் சில மணி நேரம்தான் ஆபத்தானது. நாம் எல்லோரும் கவலைப்படுவது என்னவோ கடைசி மணி நேரங்களைப் பற்றித்தான்.

இதை நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நேரிலேயே பார்த்தேன். ஒரு பெட்டி ஓரத்தில் உறைந்து திரும்பி வந்தது. லாகர் ரிப்போர்ட் சுத்தமாக இருந்ததால், வாங்கியவர் தன் ஃப்ரிட்ஜில் தவறான தட்டில் வைத்துவிட்டார் என்று முடிவு செய்தோம். எனக்கு அது ஒட்டவில்லை. தண்ணீர் நிரப்பிய காலிக் குப்பிகளை வைத்து அதே மாதிரி ஒரு பெட்டி கட்டினேன். ஒரு லாகரை வழக்கம்போல நடுவில் வைத்தேன், இன்னொன்றை ஐஸ் பேக்கை ஒட்டியிருந்த அட்டைக்குள் செருகினேன். மூன்று மணி நேரத்தில் நடு லாகர் 4.5 காட்டியது. ஓர லாகர் மைனஸ் 1.5. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு சாண்கூட இல்லை. அன்றைக்கு அந்த வாடிக்கையாளரிடம் நானே போனில் பேசி, தப்பு எங்கள் பக்கம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சின்னது. ஐஸ் பேக்கை ஃப்ரீசரில் இருந்து எடுத்து மேசையில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி வைப்போம். அப்புறம் ஒவ்வொன்றையும் காதருகில் வைத்துக் குலுக்குவோம். உள்ளே தண்ணீர் ‘களக்’கென்று அசைந்து, பனிக்கட்டி சுவரில் இடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். கேட்காவிட்டால் மேசையிலேயே இருக்கும். தடுப்பூசிக் குளிர்சங்கிலியில் இருப்பவர்களுக்கு இது பழைய பாடம். மருந்துக் கிடங்குகளில் இது பல சமயம் “அரை மணி நேரம் வெளியே வை” என்ற குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அரை மணி நேரம் வெயில் நாளில் அதிகம், ஏசி அறையில் போதாது. பேக்கின் அளவைப் பொறுத்தும் மாறும். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விஷயமே இல்லை இது. குலுக்கிப் பார்க்க மூன்று விநாடி போதும், புதிதாகச் சேர்ந்த பையனும் முதல் நாளே கற்றுக்கொள்வான்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நாம் வெப்பத்தைப் பற்றி யோசிக்கப் பழகிய அளவுக்கு உறைவதைப் பற்றி யோசிக்கப் பழகவில்லை. வெப்பத்தால் வரும் கெடுதி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதனால்தான் அதற்குச் சராசரி, மொத்த நேரம் என்று கணக்குப் போட முடிகிறது. உறைவது ஒரே ஒரு தடவை நடந்தால் போதும், திரும்ப எடுக்க முடியாது. தடுப்பூசிக் குப்பியின் மேல் இருக்கும் நிறம் மாறும் வெப்பக் குறியீடுகூட வெப்பத்தை மட்டும்தான் சொல்லும், உறைந்ததைச் சொல்லாது. அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகள், உதாரணமாக ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், உறைந்தால் உள்ளே துகள்கள் கட்டிக்கொள்ளும். இன்சுலினில் இன்னும் சிக்கல். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரியலாம். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் மறுபேச்சே இல்லை, ஆனால் அது உறைந்தது என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது? ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று தன் மேலேயே சந்தேகப்படுகிற ஒரு நோயாளியை நினைத்தால் எனக்கு இந்த விஷயத்தை விட முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கே வருகிறேன். இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: பிரித்தவர் சொல்வதை நம்புவேன், லாகரையும் நம்புவேன். அந்தப் பெட்டியில் ஐஸ் பேக்கை ஒட்டிய வரிசையை மட்டும் இல்லாமல், முழுப் பெட்டியையும் தனியே ஒதுக்கி வைத்துத் தரப் பிரிவுக்குத் தெரிவிப்பேன். எது உறைந்தது, எது உறையவில்லை என்று கண்ணால் பிரிக்கிற வேலையை மேசையில் யாரும் செய்யக் கூடாது. அதே நாளில், அதே ஷிப்டில் கட்டிய மற்ற பெட்டிகள் எங்கே போயின என்று பார்ப்பேன், ஏனென்றால் அன்று பேக்கை அவசரமாகப் போட்டிருந்தால் ஒரு பெட்டியோடு நின்றிருக்காது. லாகரின் கேலிபிரேஷனையும் பார்ப்பேன், ஆனால் கடைசியாக.

வேலைக்கு எடுத்தால் முதல் மாதத்தில் செய்ய நினைப்பது ஒரே ஒரு சோதனை. நீங்கள் இப்போது பயன்படுத்தும் தெர்மோகோல் பெட்டியில், தண்ணீர்க் குப்பிகளோடு, மூன்று லாகர்: ஒன்று நடுவில், ஒன்று ஐஸ் பேக்கை ஒட்டி, ஒன்று மூடிக்குக் கீழே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு, 36 மணி நேரம். ஒரு தடவை இப்போது கட்டுகிற முறையில், ஒரு தடவை குலுக்கிப் பார்த்த பேக்கோடு. கூடுதலாக வேண்டியது இரண்டு லாகரும் ஒரு மூலையும்தான்.

இதில் ஒரு இழப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குலுக்கிப் பார்த்துப் போடும் பேக்கில் குளிர்ச்சி கொஞ்சம் முன்பே செலவாகியிருக்கும், அதனால் பெட்டி தாங்கும் நேரம் சற்றுக் குறையும். 36 மணி நேரத்தின் கடைசியில் மூடிக்குக் கீழே 8 டிகிரியைத் தாண்டினால், ஒரு பேக் கூட்ட வேண்டியிருக்கும், அல்லது 5 டிகிரி அளவில் உருகும் வகை ஜெல் பேக்குக்கு மாற வேண்டியிருக்கும். அந்த வகை விலை அதிகம். தேவைப்படுமா இல்லையா என்பதைச் சோதனை முடிந்த பிறகுதான் சொல்வேன். மூன்றாவது லாகரை மூடிக்குக் கீழே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பேக்குக்கும் மருந்துக்கும் நடுவில் அட்டை வைத்தால் போதாதா என்று டிஸ்பாட்ச் சார் கேட்கக்கூடும். அட்டை உதவும், ஆனால் குலுக்காத பேக்குக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். நெருக்கிக் கட்டும்போது நழுவிவிடுகிறது.

உங்கள் கிடங்கில் பேக்கை எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஏற்கெனவே குலுக்கிப் பார்க்கிற வழக்கம் இருந்தால், நான் எழுதியதில் ஓரத்தில் வைக்கும் லாகர் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன, முன்பு செய்த சோதனையின் வரைபடம் என்னிடம் இல்லை, அது அந்த நிறுவனத்தின் ஆவணம். புதிய சோதனைக்கான படிவத்தை நானே ஒரு பக்கத்தில் தயாரித்து வைத்திருக்கிறேன், பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன்.

நோட்டீஸ் காலத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். எங்கள் எச்.ஆரிடம் உறுதி செய்துகொண்டேன், 30 நாள்தான். வேலை நாள்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு எப்போது அழைத்தாலும் பேச முடியும்.

அன்புடன்,
கதிரவன்
(கிடங்கு மேற்பார்வையாளர் பணி, செவ்வாய்க்கிழமை காலை 10 மணி நேர்காணல்)