பொருள்: மருத்துவ விடுப்பு – மார்ச் 9 முதல் 27 வரை

வணக்கம் மேடம்,

என் மருத்துவரின் ஆலோசனைப்படி, மார்ச் 9 திங்கள் முதல் 27 வெள்ளி வரை மருத்துவ விடுப்பு எடுக்கிறேன். மனநலத்துக்காக முன்கூட்டியே திட்டமிட்ட ஓய்வு இது. மருத்துவச் சான்றிதழை மனிதவளப் பிரிவுக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். சிகிச்சை விவரங்கள் எனக்கும் மருத்துவருக்கும் இடையிலேயே இருக்கட்டும்.

காலாண்டு அறிக்கையின் விற்பனைப் பகுதியை 6-ஆம் தேதிக்குள் முடித்துத் தருகிறேன். செலவுக் கணக்கை மட்டும் இரண்டு கிளைகள் இன்னும் அனுப்பவில்லை. அவை வந்ததும் சேர்த்து முடிக்க ரேவதி ஒப்புக்கொண்டிருக்கிறார். கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் அழைப்புகளையும் அவரே கவனிப்பார்.

விடுப்பில் மின்னஞ்சலும் அலுவலக அழைப்புகளும் பார்க்க மாட்டேன். முழு ஓய்வு என்பது மருத்துவர் அழுத்திச் சொன்னது, எனக்கும் அது முக்கியம். குழுவிடம் ‘மருத்துவ விடுப்பு’ என்று மட்டும் சொன்னால் போதும்.

மார்ச் 30 திங்கள் பணிக்குத் திரும்புகிறேன். தேதியில் மாற்றம் இருந்தால் 25-ஆம் தேதிக்குள் தெரிவிக்கிறேன். வியாழனுக்குள் ஒப்புதல் தந்தால், வெள்ளியன்று பொறுப்புகளை முறையாக ஒப்படைத்துவிடுவேன்.

நன்றி,
கவிதா