எங்கள் வீட்டு நாட்காட்டி: 2026 ஜனவரி

இந்த மாதக் குறிப்பு அடுப்படிக் கதவின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. இதுவே நம் அனைவருடைய கைபேசி நாட்காட்டியிலும் ஏற்றப்பட்டிருப்பதால், சென்னையில் இருக்கும் சித்தப்பாவும் பார்க்கலாம். எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் அழைக்கும் உறவுமுறையிலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் மட்டுமே பொறுப்பு. நவம்பரில் பெற்றோர் கூட்டமும் தாத்தாவின் இரத்தப் பரிசோதனையும் ஒரே காலையில் வந்தபோது, மற்றவர் அழைத்துப் போவார் என்று அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டதில், சர்க்கரை நோயுள்ள அவர் பதினொரு மணிவரை வெறும் வயிற்றோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அது மறுபடி நடக்கக் கூடாது. தேதியை மாற்ற நேர்ந்தால், மாற்றியவரே இங்கு எழுதிவிட்டு மற்றவர்களிடம் வாயாலும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 5, திங்கள். பள்ளி திறக்கிறது. தம்பியின் அறிவியல் செயல்திட்ட நோட்டை ஞாயிறு இரவே அக்கா சரிபார்த்துப் பையில் வைப்பாள்.

ஜனவரி 7, புதன். தாத்தாவுக்கு மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை, பொறுப்பு அப்பா. முந்தின இரவு எட்டரைக்குள் சாப்பாடு முடிய வேண்டும். அதன்பின் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலை ஆறரைக்கு முதல் இரத்தம் கொடுத்ததும், நான் கட்டித்தரும் இட்லியையும் காலை மாத்திரையையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது இரத்தம் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து என்பதால், தொடங்கிய நேரத்தை அப்பா சீட்டில் குறித்துக்கொள்ளவும்.

ஜனவரி 10, சனி. அக்காவுக்குப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு ஒரு மணிவரை. மாடித் தொட்டியை அப்பா கழுவுவார். ஒட்டடை அடிப்பது தம்பி. மின்கட்டணம் நான் கட்டுகிறேன்.

ஜனவரி 12, திங்கள். அப்பத்தாவின் கண்புரை அறுவைக்கு முந்தைய சோதனைகள்: இரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி, லென்ஸ் அளவு. நான் உடன் போகிறேன். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வேன். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அட்டையைக் காட்டுவதே பாதுகாப்பு.

ஜனவரி 13 முதல் 18 வரை. செவ்வாயன்று பள்ளியில் பொங்கல் விழா. தம்பியின் வேட்டியைத் திங்களன்றே தேய்த்து வைக்க வேண்டும். புதனன்று போகி, அன்றிரவு சித்தப்பா குடும்பம் வருகிறது. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு நடப்பதால் அந்தப் பக்கம் போக்குவரத்து திரும்பும். ஆகவே கரும்பு, மஞ்சள்கொத்து, பால் அனைத்தையும் அப்பா முந்தின நாளே வாங்கிவிட வேண்டும். ஞாயிறு தை அமாவாசை. மாலை சித்தப்பா கிளம்புகிறார்.

ஜனவரி 20, செவ்வாய். அப்பத்தாவுக்கு வலது கண்ணில் அறுவை. காலை ஏழு மணிக்கு அப்பாவும் அப்பத்தாவும் புறப்படுவார்கள். தலைக்குக் குளிப்பது திங்களன்றே. அன்று தாத்தாவின் சாப்பாடும் மாத்திரையும் என் பொறுப்பு. மறுநாள் காலை கட்டுப் பிரித்துப் பார்ப்பதற்கும் அப்பாவே போவார்.

இனி அப்பத்தா குனியக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. மார்கழி முழுக்க வாசலில் ஒருநாள் தவறாமல் கோலமிட்டவர் அவர். அவர் கையிலிருந்து கோலப்பொடிக் கிண்ணத்தை வாங்குவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். செவ்வாய் முதல் கோலம் அக்காவின் வேலை. அப்பத்தா நாற்காலியில் அமர்ந்து புள்ளி சொல்லட்டும்.

சொட்டு மருந்து மருத்துவர் எழுதித்தரும் சீட்டின்படியே. காலை வேளை நான், பகலில் தாத்தா நேரத்தை நினைவூட்ட நானே விடுவேன், மாலை அக்கா, இரவு அப்பா. கையைச் சோப்பால் கழுவிய பிறகே குப்பியைத் தொட வேண்டும். அதன் முனை இமையில் படக் கூடாது. இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடம் விட வேண்டும். விட்டவர் உடனே சீட்டில் கோடு போட வேண்டும். கோடு இல்லாவிட்டால் அடுத்தவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். ஊகத்தில் விட வேண்டாம். கண் சிவந்தாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, மறு சோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

ஜனவரி 26, திங்கள். குடியரசு நாள். தம்பி ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய். அப்பத்தாவுக்கு ஒரு வார மறு சோதனை. அன்றுதான் அக்காவின் திருப்புதல் தேர்வும் தொடங்குகிறது. அப்பா அவளை விட்டுவிட்டு அலுவலகம் செல்வார். மருத்துவமனைக்கு நான் போகிறேன்.

ஜனவரி 31, சனி. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம், காலை பத்து மணி. இம்முறை அப்பா போகிறார்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அப்பத்தா ஆண்டு தவறாமல் போகிறவர். இந்த நெரிசலும் தூசியும் புதிதாக அறுவையான கண்ணுக்கு ஆகுமா என்பதை 27ஆம் தேதி மருத்துவரிடம் கேட்டுப் பதிலை இங்கேயே எழுதுகிறேன். போகலாம் என்றால் கண்ணாடி அணிந்து, கூட்டம் சேருமுன் காலையில் அப்பாவுடன் போய்வரட்டும். கூடாது என்றால் தம்பி படம் எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.