ஆச்சிக்கு 80

ஆச்சி, முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேக்கில் முட்டை கிடையாது. மாமா கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வாங்கி வந்தார். விளக்கை ஊதி அணைப்பது ஆகாது என்றீர்கள், அதனால் மெழுகுவர்த்தியும் இல்லை. அத்தை குத்துவிளக்கு ஏற்றி வைத்திருக்கிறாள். நட்சத்திரத்தன்று நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனை செய்தால் போதாதா, இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போதாது ஆச்சி. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றி நான் பேச வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் ஒரே ஒரு சொதியைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் வீட்டினருக்காக ஒரு வார்த்தை. திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சாம்பாரைத் தேடக் கூடாது. அன்றைக்கு இலையில் ராஜா சொதிதான். தேங்காய்ப் பாலில் வேகும் குழம்பு, புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும், புளிப்புக்கு எலுமிச்சை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், கூடவே இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப் பால் வயிற்றில் கனமாக உட்கார்ந்துகொள்ளும், அதைக் கரைக்க இஞ்சி. இந்த இஞ்சிப் பச்சடியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

2023 டிசம்பர். சென்னையில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த கையோடு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொன்னதும் நான் மீனாட்சிபுரத்துக்கு ஓடி வந்துவிட்டேன். வெள்ளத்துக்குப் பயந்து தாமிரபரணிக் கரைக்கு வந்தவள் என்று சித்தப்பா இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார். மார்கழி முதல் தேதி, 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விடாமல் அடித்தது மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததென்று பிறகு செய்தியில் சொன்னார்கள். நாங்கள் போனில் மழைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்தீர்கள். "தொண்ணூத்தி ரெண்டுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாமானத் தூக்குங்க" என்றீர்கள். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் உங்களை எதிர்த்துப் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்? அரிசி, பருப்பு, அடுப்பு, சிலிண்டர், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த தேங்காய் மூட்டை எல்லாம் மாடிக்கு ஏறின. மறுநாள் அடுப்படியில் முழங்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது.

கரண்டு இல்லை. போனில் சார்ஜ் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் குடும்பமும், பின்பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவர்களும் நம் மாடிக்கு வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் கஞ்சி வைத்துவிடலாம் என்றாள் அத்தை. நியாயமான யோசனைதான். நீங்கள் காய்கறிக் கூடையைக் கிளறினீர்கள். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. ஃபிரிட்ஜ் செத்துப்போனதால் எல்லாவற்றையும் உடனே தீர்த்தாக வேண்டும். "வீடு தேடி வந்தவங்களுக்குக் கஞ்சியா? சொதி வச்சிருவோம்."

மிக்ஸி இல்லாமல் எப்படித் தேங்காய்ப் பால் எடுப்பது என்று நான் கேட்டேன். மொட்டைமாடி மூலையில் கிடந்த அம்மியைக் காட்டினீர்கள். அடுப்படியை மாற்றிக் கட்டியபோது, இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று எல்லாரும் உங்களோடு சண்டை போட்ட அதே அம்மி! மாமாவும் சித்தப்பாவும் முக்கி முனகி அதை அறைக்குள் கொண்டுவந்தார்கள். நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்பது உங்கள் கணக்கு. வெள்ளமென்று அதைக் குறைக்கவில்லை. துருவியது டீச்சர், அரைத்தது நான், பிழிந்தது நீங்கள்.

முதல் பால் கெட்டியாகத் தனியே ஒரு தூக்கில் போனது. அதைத் தொட்டால் கை உடையும் என்றீர்கள். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சட்டிக்கு. அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தாள் அம்மா. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி, காயெல்லாம் தண்ணிப் பாலில் வெந்து, பருப்பும் சேர்ந்தது. பச்சை மிளகாயையும் இருந்த ஒரே துண்டு இஞ்சியையும் அம்மியில் நசுக்கிப் போட்டீர்கள். கடைசியில்தான் முதல் பால். அப்போது மட்டும் கரண்டியை யாரிடமும் தரவில்லை. "நுரை கட்டி வரும் பாரு, அப்பமே அணைக்கணும். கொதிக்க விட்டா திரிஞ்சிரும்ட்டி." அணைத்து, நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தீர்கள்.

அந்தச் சொதியின் ருசியை நான் விவரிக்கப்போவதில்லை. இங்கே பாதிப் பேர் அன்றைக்குச் சாப்பிட்டவர்கள், மீதிப் பேருக்குச் சொன்னால் வயிறெரியும். கீழே தண்ணீரில் நாற்காலிகள் மிதந்துகொண்டிருந்தன, மேலே டீச்சருடைய வீட்டுக்காரர் மூன்றாவது தடவை சோறு கேட்டார். அவ்வளவு சொன்னால் போதும்.

ஆனால் நீங்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஏனென்றால் இஞ்சிப் பச்சடி இல்லை. புளிப் பானை மாடிப்படிக்கு அடியிலேயே நின்றுபோய், வெள்ளத்தில் கரைந்துவிட்டது. இஞ்சியும் அந்த ஒரு துண்டோடு தீர்ந்தது. ஒவ்வொருவர் இலைக்கும் போய், "பச்சடி இல்லாமப் போட்டுட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினீர்கள். வீட்டை இழந்து வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம்!

அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரி, நனைந்த பீரோவையும் கல்யாண ஆல்பத்தையும் வெயிலில் போட்டோம். அந்த ஆல்பத்தில் தாத்தா முகம் பாதி அழிந்துவிட்டது. அதற்குக்கூட நீங்கள் எங்கள் முன்னால் அழவில்லை. ஆனால் இன்றுவரை யாராவது வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், "அன்னைக்கு இஞ்சிப் பச்சடி இல்லாமச் சொதி போட்டேன்" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். உங்களுக்கு அது வெறும் குறை இல்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. வந்தவர்களை நீங்கள் அகதிகளாக நடத்தவே இல்லை, மறுவீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரிதான் நடத்தினீர்கள். சம்பந்திக்குப் பச்சடி இல்லாமல் இலை போட்டால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

டீச்சர் குடும்பம் இன்றைக்கு வந்திருக்கிறது ஆச்சி, மூன்றாவது வரிசையில். அன்று தூளியில் கிடந்த குழந்தை இப்போது உங்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டிருக்கிறது, யாராவது பிடியுங்கள். அன்றைக்குக் கொடுக்காததற்கும் சேர்த்து இன்று இஞ்சிப் பச்சடி செய்திருக்கிறோம், இலைக்கு இரண்டு கரண்டி. புளியும் வெல்லமும் சரியாக இருக்கிறதென்று அத்தை சொல்கிறாள். உங்களுக்குச் சரியாக இருக்காது, தெரியும்.

சொதியை அணைத்தாகிவிட்டது, நுரை கட்டியதும்தான். தாளித்தும் கொட்டியாயிற்று. எலுமிச்சையை மட்டும் யாரும் தொடவில்லை, வெட்டி வைத்திருக்கிறது. சட்டியின் சூடு அடங்கியிருக்கும். எழுந்து வந்து பிழிந்துவிடுங்கள் ஆச்சி, இலை போட்டுவிடலாம்.