மறுசீரமைப்புச் சுற்றறிக்கை: பணியாளர்களுக்கான சுருக்கம்

ஜனவரி 5, 2026 அன்று நிர்வாகம் வெளியிட்ட 14 பக்கச் சுற்றறிக்கையின் சுருக்கம் இது. யாருக்கு, எங்கே, எந்தத் தேதியில் என்ன மாறுகிறது என்பதை மட்டும் இங்கே தருகிறோம். முழு வாசகம் எல்லா அறிவிப்புப் பலகைகளிலும் இருக்கிறது.

முதலில் மொத்தக் கணக்கு: 14 பணியிடங்கள் நீக்கப்படுகின்றன. அதே சமயம், நிரப்பப்படாமல் இருக்கும் 9 பணியிடங்களுக்குப் பிப்ரவரி 13 வரை நம் ஊழியர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அதன் பிறகே வெளியாட்களிடம் விண்ணப்பம் கேட்கப்படும்.

துறைமுகக் கிடங்கு

இது மூடப்படுகிறது. பிப்ரவரி 27-க்குப் பிறகு இங்கே சரக்கு உள்ளே வராது. கடைசி லோடு மார்ச் 20 அன்று வெளியேறும், 21 முதல் 25 வரை இருப்புக் கணக்கெடுப்பு, 31 அன்று சாவி ஒப்படைப்பு.

இங்குள்ள 46 பேரில் 38 பேர் (பேக்கிங் 26, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் 7, இருப்புப் பதிவாளர் 5) ஏப்ரல் 1 முதல் புறவழிச்சாலைக் கிடங்குக்கு மாறுகிறார்கள். சம்பளம், கிரேடு, பணிமூப்பு எதுவும் மாறாது. ஷிப்ட் சூப்பர்வைசர் 4, கேட் எழுத்தர் 2, டெஸ்பாட்ச் எழுத்தர் 2 ஆகிய 8 பணியிடங்கள் நீக்கப்படுகின்றன. புதிய இடத்தில் இந்த வேலைகளைச் செய்ய ஏற்கெனவே ஆட்கள் இருப்பதுதான் காரணம்.

சுற்றறிக்கையின் 3-ஆம் பக்கத்தில் வரும் "மார்ச் 31" கட்டடம் மூடும் தேதி. யாருடைய வேலையும் அன்று முடிவதில்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் வந்திருப்பதால் அழுத்திச் சொல்கிறோம். நோட்டீஸ் கடிதம் பிப்ரவரி 27 அன்று தரப்படும், நோட்டீஸ் காலம் 60 நாள். ஆகவே கடைசி வேலைநாள் ஏப்ரல் 28. ஏப்ரல் மாதத்தில் இந்த 8 பேரும் புறவழிச்சாலைக் கிடங்கில் இருப்பை ஒப்படைக்கும் வேலையில் இருப்பார்கள், முழுச் சம்பளத்துடன்.

இரு கிடங்குகளுக்கும் இடையே 23 கி.மீ. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கம்பெனி பஸ் ஓடும். காலை ஷிப்டுக்குப் பழைய கேட்டிலிருந்து 5:20-க்குக் கிளம்பும், இரவு 10 மணி ஷிப்ட் முடிந்தவர்களுக்கு 10:20-க்குத் திரும்பும். அக்டோபர் முதல் என்ன ஏற்பாடு என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. தூரம் காரணமாகத் தயங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளைக் கணக்குப் பிரிவுகள்

வடக்கு, தெற்கு, கிழக்குக் கிளைகளில் தலா 4 பேர் செய்துவந்த பில் வேலை ஏப்ரல் 1 முதல் தலைமை அலுவலகத்தில் நடக்கும். 12 பணியிடங்கள் 7 ஆகின்றன. தலைமை அலுவலகத்துக்கு வர விரும்புகிறவர்கள் ஏழு பேரோ அதற்குக் குறைவோ என்றால் தேர்வே கிடையாது, அனைவருக்கும் இடம் உண்டு. கூடினால், பணிமூப்பையும் புதிய பில் மென்பொருளில் உள்ள அனுபவத்தையும் வைத்து மதிப்பெண் தரப்படும். உங்கள் மதிப்பெண் தாளை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். முடிவு பிப்ரவரி 20.

வாடிக்கையாளர் சேவை

தொலைபேசிக் குழுவும் களக் குழுவும் பிப்ரவரி 16 முதல் ஒரே மேலாளரின் கீழ் வருகின்றன. ஒரு மேலாளர் பணியிடம் மட்டும் குறைகிறது. மற்ற 18 பேருக்கும் இடமோ நேரமோ மாறாது.

விற்பனை, வாகன ஓட்டுநர், ஐ.டி. பிரிவுகளில் எந்த மாற்றமும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

தனிக் கடிதம் ஜனவரி 16-க்கும் 20-க்கும் இடையே கைக்கு வரும். நீண்ட விடுப்பில் இருப்பவர்களுக்கு வீட்டு முகவரிக்கே அனுப்புகிறோம். முகவரி மாறியிருந்தால் ஜனவரி 14-க்குள் தெரிவியுங்கள்.

கடிதத்துடன் உள்ள விருப்பப் படிவத்தைப் பிப்ரவரி 6 மாலை 5 மணிக்குள் தர வேண்டும். தராவிட்டால் இடமாற்றத்துக்குச் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்வோம் என்று சுற்றறிக்கை சொல்கிறது. சம்மதம் இல்லையென்றால் சும்மா இருந்துவிடாதீர்கள், "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் மாறுபவர்கள் ஏப்ரல் விடுப்புக்கு இப்போதே விண்ணப்பித்திருந்தால், ஏப்ரல் 1-க்குப் பிறகு மறுபடி பதிய வேண்டும். ஒப்புதல் தரும் அதிகாரி மாறுவதால் பழைய விண்ணப்பம் யார் திரையிலும் தெரியாது.

பணியிடம் நீங்குபவர்களுக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும். எடுக்காத விடுப்புக்கான பணமும் சேர்த்து மே 8 அன்று வங்கிக் கணக்கில் வரும். வேலைக்குச் சேர்ந்த தேதி நம் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தற்காலிகமாக இருந்து நிரந்தரமானவர்களுக்குத்தான் இதில் பிழை அதிகம் வருகிறது, ஓராண்டு இழப்பீடே அதில் போய்விடலாம்.

ஜனவரி 21 முதல் பிப்ரவரி 5 வரை தினமும் மதியம் 2 முதல் 5 வரை மனிதவளத் துறையினர் துறைமுகக் கிடங்கிலும் மூன்று கிளைகளிலும் இருப்பார்கள். வரும்போது கடிதத்தையும் நியமன ஆணையின் நகலையும் எடுத்து வாருங்கள். உங்களுக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம்.

மனிதவளத் துறை
ஜனவரி 7, 2026