தேன், எண்ணெய், தண்ணீர்: மூன்று சாடிகளில் ஒரு போளைப் பந்தயம்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, நடுவர்களாக வருகை தந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர்களே, பெற்றோரே, எனது சக மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கம். நான் தரம் 10இல் கற்கும் மாணவி. எனது வகுப்புத் தோழியுடன் சேர்ந்து மூன்று வாரங்களாகச் செய்த ஒரு பரிசோதனையை இன்று உங்கள் முன் விளக்க வந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் குசினியில்தான் எனக்கு முதலில் தோன்றியது. எனது மாமா படுவான்கரைப் பக்கத்துக் காடுகளில் தேன் எடுப்பவர். மாரி மழை பெய்யும் மார்கழி மாதத்தில் அவர் கொண்டுவரும் தேனைப் போத்தல்களில் ஊற்றும்போது அது நூலாக இழுபட்டு மிக மெதுவாக இறங்குவதையும், அதே தேன் சித்திரை மாத வெயிலில் வழுவழுவென்று ஓடுவதையும் நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். தேன் ஒன்றுதான், போத்தலும் ஒன்றுதான். அப்படியிருக்க, அது ஓடும் விதம் ஏன் மாறுகிறது என்று நான் கேட்டபோது, "குளிருக்குத் தேன் இறுகும் மகள்" என்று மாமா சொன்னார். அந்த இறுக்கத்தை அளக்க முடியுமா என்பதே எங்கள் பரிசோதனையின் கேள்வி.

ஒரு திரவம் ஓடும்போது அதன் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அப்படி வழுக்கும்போது ஒரு படை மற்றப் படையைப் பிடித்து இழுக்கிறது. திரவத்தின் உள்ளே நிகழும் இந்த உராய்வையே பிசுக்குமை என்கிறோம். ஐசாக் நியூற்றன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இந்த எதிர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். திரவத்தினுள் விழும் ஒரு சிறிய கோளத்தின்மீது பிசுக்குமை எவ்வளவு விசையைப் பிரயோகிக்கிறது என்பதை, அயர்லாந்தில் பிறந்த ஜோர்ஜ் காப்ரியல் ஸ்ரோக்ஸ் 1851இல் கணித்துக் காட்டினார். நாங்கள் பயன்படுத்தியதும் அவருடைய வழியைத்தான்.

எங்கள் மேசையில் ஒரே அளவான மூன்று அளக்கும் சாடிகள் இருப்பதை நீங்கள் காணலாம். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 5 சென்ரிமீற்றர். ஒன்றில் மாமாவின் தேனும், மற்றொன்றில் தேங்காய் எண்ணெயும், மூன்றாவதில் கிணற்றுத் தண்ணீரும் உள்ளன. சாடிகளின் வெளிப்புறத்தில் திரவமட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே ஒரு நூலும், அதிலிருந்து 20 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு நூலும் கட்டியிருக்கிறோம். கையை விட்ட கணத்திலிருந்து நேரத்தை எடுத்தால், போளையை விடும் கையின் தடுமாற்றமும் அளவீட்டில் கலந்துவிடும் என்பதால், முதல் நூலைக் கடக்கும்போதே நேரத்தைத் தொடங்கினோம். கடையில் மாபிள் என்று கேட்டு வாங்கிய, 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிப் போளைகளையே முதலில் பயன்படுத்தினோம். அன்று திரவங்களின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸாக இருந்தது.

தேனில் போளை 20 சென்ரிமீற்றரைக் கடக்க 13 செக்கன்கள் எடுத்தது. ஐந்து முறை திரும்பச் செய்தபோதும் அரைச் செக்கனுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஆனால் எண்ணெயிலும் தண்ணீரிலும் நாங்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இரண்டிலும் போளை கண்ணிமைக்கும் நேரத்தில் அடியைத் தொட்டுவிட்டது. நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துவதற்கே ஒருவருக்கு ஏறத்தாழ 0.2 செக்கன் தேவைப்படும் என்பதால் எங்கள் அளவீடுகளில் ஒருமுறை எண்ணெய் முந்தியது, மறுமுறை தண்ணீர் முந்தியது. எண்ணெய் தண்ணீரைவிடப் பிசுக்குமை கூடியது என்று பாடத்தில் படித்திருந்த எங்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. விரும்பிய விடை வந்த அளவீடுகளை மட்டும் எடுத்து அட்டவணையில் எழுதியிருந்தால் பணி அன்றே முடிந்திருக்கும். அப்படிச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் கைப்பேசிக் கமராவில் பந்தயத்தைப் பதிவுசெய்து, இரண்டு நூல்களுக்கும் இடையே எத்தனை படங்கள் விழுகின்றன என்று எண்ணினோம். தண்ணீரில் 9 படங்கள், அதாவது 0.3 செக்கன். எண்ணெயில் 10 அல்லது 11 படங்கள், அதாவது ஏறத்தாழ 0.35 செக்கன். வித்தியாசம் உண்மையில் இருந்தது, ஆனால் மிகச் சிறியதாக இருந்தது. எண்ணெயின் பிசுக்குமை தண்ணீரினதைவிடப் பல பத்து மடங்கு கூடியதாக இருக்க, நேரத்தில் மட்டும் இவ்வளவு சிறிய வித்தியாசம் வருவது எப்படி?

இதை விளங்கிக்கொள்ளத்தான் எங்களுக்கு மிக அதிக நாட்கள் சென்றன. விழும் போளையின்மீது மூன்று விசைகள் தாக்குகின்றன: கீழ்நோக்கி அதன் நிறை, மேல்நோக்கித் திரவத்தின் மேலுதைப்பு, அத்துடன் இயக்கத்துக்கு எதிரான இழுவை. பெரிய போளை வேகமாக விழும்போது அது திரவத்தைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டு, பின்னால் சுழிகளை உண்டாக்கியபடி செல்கிறது. அப்போது இழுவையின் பெரும்பகுதி, திரவத்தைத் தள்ளுவதற்கான செலவாகவே இருக்கிறது. அந்தச் செலவைத் தீர்மானிப்பது திரவத்தின் அடர்த்தி. பிசுக்குமைக்கு அதில் சிறு பங்குதான் உண்டு. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் போளையின் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. தேனில் மாத்திரம் போளை மிக மெதுவாகச் சென்றதால் சுழிகள் எவையும் தோன்றவில்லை. அங்கே பிசுக்குமையே முழு ஆட்சி செய்தது. ஸ்ரோக்ஸின் விதி பொருந்துவதும் இத்தகைய மெதுவான, சுழியற்ற இயக்கத்துக்குத்தான்.

எனவே போளையைச் சிறிதாக்கினால் என்ன என்று யோசித்தோம். தையற்கடையில் துளையில்லாத 3 மில்லிமீற்றர் கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றைத் தண்ணீரில் விட்டபோது 18 படங்களும், எண்ணெயில் விட்டபோது 51 படங்களும் எடுத்தன. பெரிய போளை மறைத்துவைத்ததைச் சின்ன மணி காட்டிக்கொடுத்தது என்பதை அன்று மாலை கணக்கிட்டபோது எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேனிலோ அதே மணி 165 செக்கன்கள் எடுத்தது. அது விழுகிறதா, தொங்கிக்கொண்டு நிற்கிறதா என்று கேட்கும் அளவுக்கு மெதுவாக இறங்கியது.

தேனில் கிடைத்த இந்த அளவீட்டை ஸ்ரோக்ஸின் சமன்பாட்டில் பிரதியிட்டோம். அது எங்கள் விளக்கப் பலகையில் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது:

η = 2r²(ρₛ − ρₗ)g / 9v

இதில் η பிசுக்குமை, r மணியின் ஆரை, ρₛ மணியின் அடர்த்தி, ρₗ திரவத்தின் அடர்த்தி, g புவியீர்ப்பு ஆர்முடுகல், v மணி இறங்கும் வேகம். மணியின் ஆரை 1.5 மில்லிமீற்றர். கண்ணாடியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.5 கிராம். நாங்கள் நிறுத்துப் பார்த்தபோது 100 மில்லிலீற்றர் தேன் 141 கிராம் இருந்தது. இவற்றைக் கொண்டு கணித்தபோது தேனின் பிசுக்குமை 4 பசுக்கால் செக்கனுக்குச் சற்று மேலாக வந்தது. இதே வெப்பநிலையில் தண்ணீரின் பிசுக்குமை 0.0008 பசுக்கால் செக்கன் அளவிலேயே இருக்கிறது. அதாவது மாமாவின் தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு பிசுக்குமை கொண்டது. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இந்தச் சமன்பாட்டை நாங்கள் பயன்படுத்தவில்லை. அவற்றில் இந்த மணிகூட ஸ்ரோக்ஸின் விதி கேட்கும் அளவுக்கு மெதுவாகச் செல்லவில்லை.

இந்த எண்ணிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் நடுவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்ரோக்ஸ் எல்லையற்று விரிந்த ஒரு திரவத்தையே கருதினார். எங்கள் சாடிக்கோ சுவர் உண்டு. கோளம் கீழே இறங்கும்போது திரவம் அதன் பக்கவாட்டால் மேலே வரவேண்டும், சுவர் நெருக்கமாக இருந்தால் அதற்கு இடம் போதாது. இதைச் சோதிக்க, 10 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கண்ணாடிப் பரணியில் தேனை ஊற்றிப் பெரிய போளையை விட்டோம். ஒடுங்கிய சாடியில் 10 சென்ரிமீற்றருக்கு ஆறரைச் செக்கன் எடுத்த அதே போளை, பரணியில் நான்கு செக்கனில் இறங்கியது. சின்ன மணிக்குச் சுவரின் பாதிப்பு மிகக் குறைவு என்பதால்தான் கணிப்பை மணியை வைத்துச் செய்தோம்.

இனி மார்கழி மாதத் தேனுக்கு வருகிறேன். தேன் சாடியை ஐசுத் தண்ணீரில் வைத்து 15 பாகைக்குக் குளிர்வித்தபோது பெரிய போளை 20 சென்ரிமீற்றரைக் கடக்க ஒரு நிமிடமும் 40 செக்கனும் எடுத்தது. சுடுதண்ணீரில் வைத்து 45 பாகைக்குச் சூடாக்கியபோது நான்கு செக்கனுக்குள் கடந்துவிட்டது. தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனி வகைகளும் மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் உள்ளன. அந்தச் சீனி மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. வெப்பம் ஏறும்போது மூலக்கூறுகள் வேகமாக அசைவதால் அந்தப் பிடி தளர்கிறது. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இருப்பதால் அவை ஒன்றோடொன்று உரசி நகர்கின்றன. தண்ணீர் மூலக்கூறோ மிகச் சிறியது, இலகுவில் விலகிக்கொள்கிறது. மார்கழி விடியற்காலையில் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைவது வேறு விடயம். அது பிசுக்குமை கூடுவதன்று, திரவம் திண்மமாக மாறுவது.

எங்கள் பாடசாலையில் இந்தச் சாடிகளைப் பார்த்த பலர், பாரமான திரவம்தான் பிசுக்குமை கூடியது என்று நினைத்தார்கள். அதனால்தான் நான்காவதாக இந்த உயரமான சாடியை வைத்திருக்கிறோம். அடியில் தேனும், அதன்மேல் நிறம் கலந்த தண்ணீரும், எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய் எண்ணெயும் நிற்பதைப் பாருங்கள். எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. ஆனால் பிசுக்குமையில் அது தண்ணீரை எவ்வளவோ விஞ்சி நிற்கிறது. பாதரசமோ தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கொண்டது, அதன் பிசுக்குமை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மட்டுமே. அடர்த்தி வேறு, பிசுக்குமை வேறு. போத்தலைத் தூக்கும்போது உணர்வது முதலாவது. அதைச் சரித்து ஊற்றும்போது காண்பது இரண்டாவது.

தேனில் சீனிப்பாகு கலந்திருக்கிறதா என்பதை இந்தப் பந்தயத்தால் கண்டுபிடிக்கலாமா என்று நேற்று ஒரு பெற்றோர் கேட்டார். நல்ல கேள்வி, எனினும் முடியாது என்றே நான் சொன்னேன். பாகைத் தேவையான அளவுக்குக் காய்ச்சினால் தேனின் பிசுக்குமைக்கே அதைக் கொண்டுவந்துவிடலாம். தேனில் தண்ணீர் கலந்திருந்தால் மட்டும் போளை விரைவாக இறங்கும். ஆனால் மழைக்காலத்தில் எடுத்த, இயற்கையாகவே நீர்த்தன்மை கூடிய காட்டுத்தேனிலும் அது விரைவாகத்தான் இறங்கும்.

மதிப்புக்குரிய நடுவர்களே, இந்தத் தட்டில் ஈரம் துடைத்த போளைகளும் மணிகளும் இருக்கின்றன. காற்றுக் குமிழி ஒட்டாதபடி, சாமணத்தால் பிடித்து, திரவமட்டத்தைத் தொட்ட நிலையில் விடவேண்டும். உங்களில் ஒருவர் உயரமான சாடியில் ஒரு மணியை விடுங்கள். அது எண்ணெயில் மெதுவாக இறங்கி, தண்ணீரில் விரைந்து, தேனைத் தொட்டதும் ஏறக்குறைய நின்றுபோவதை எனது தோழி கமராவில் பதிவுசெய்வாள். அது தேனின் அடியைச் சேர்வதற்குள் உங்கள் கேள்விகளைக் கேட்கலாம், நேரம் போதும்.