நீண்ட விமானப் பயணத்தில் கால் நீட்ட இடமுள்ள ஆசனம் வேண்டி

உப்புவெளி,
திருகோணமலை.
22.04.2026

முகாமையாளர்,
பயணிகள் சேவைப் பிரிவு,
விமான நிறுவனத்தின் கொழும்பு அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

கட்டுநாயக்க – லண்டன் ஹீத்ரோ பயணம், போக 02.06.2026, வர 30.06.2026
முன்பதிவு இலக்கம்: K7TQ2M

மேற்படி இலக்கத்தில் எனக்கும் என் மனைவிக்கும் சாதாரண வகுப்பில் இரண்டு ஆசனங்கள் பதிவாகியுள்ளன. என் முதுகு வருத்தம் காரணமாக, வைத்தியரின் ஆலோசனைப்படி, கால் நீட்ட மேலதிக இடமுள்ள, நடைபாதை ஓரத்து ஆசனம் ஒன்றை எனக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டு இதை எழுதுகிறேன். மனைவிக்குப் பக்கத்து ஆசனம் கிடைத்தால் பெரிய உதவி. குனிந்து சப்பாத்து போடுவதற்கும் பையைத் தூக்குவதற்கும் எனக்கு அவர்தான் துணை.

நான் படகு இயந்திரம் திருத்துபவன். வெளியிணைப்பு இயந்திரங்களைப் படகிலிருந்து கழற்றி, தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டு வருவது இளவயதிலிருந்தே என் வேலை. நாற்பது குதிரைவலு இயந்திரம் ஒன்று ஓர் ஆளின் எடை இருக்கும். அந்தப் பாரம்தான் நாரியில் இறங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. படத்தில் நாரி எலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள தட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவது தெரிகிறது. நடக்கும்போதும் படுக்கும்போதும் பெரிய கரைச்சல் இல்லை. இருப்பதுதான் பிரச்சினை. முழங்காலை மடக்கியபடி ஒரே நிலையில் இருந்தால் முதலில் பிட்டத்தில் ஒரு குத்தல் வரும், பிறகு தொடையின் பின்பக்கமாக எரிவு இறங்கும், அதற்குப் பிறகு பெருவிரல் விறைத்துவிடும். அந்த நிலையில் எழுந்தால் காலை நம்பி உடனே ஊன்ற முடியாது.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் என்னைப் பார்க்கும் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர், இந்தப் பயணத்துக்கென்றே தனியாக ஒரு கடிதம் தந்திருக்கிறார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது, எழுந்து சில நிமிடங்கள் நடக்க வேண்டும், இடது காலை நீட்டி வைக்க இடம் வேண்டும், நாரிக்கு அணை கொடுக்க வேண்டும், பாரம் தூக்கவே கூடாது என்று அதில் எழுதியுள்ளார். இந்த ஒழுங்குகள் இருந்தால் பயணம் செய்யலாம் என்றும் குறிப்பிட்டுள்ளார். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் யாருக்கும் உண்டு, கால் விறைக்கும் உங்களுக்கு இன்னும் கவனம் தேவை என்று வாயாலும் சொன்னார். அதற்கான அழுத்தக் காலுறை வாங்கி வைத்திருக்கிறேன்.

என் உயரம் ஆறு அடி ஒரு அங்குலம். வீட்டில் நாற்காலியில் முதுகை ஒட்டி இருந்து அளந்து பார்த்தபோது, முதுகிலிருந்து முழங்கால் முனை வரை 25 அங்குலம் வந்தது. சாதாரண வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அடுத்த ஆசனத்துக்கும் இடையே பொதுவாக 31 அங்குலம் அளவில்தான் விடுகிறார்கள். அந்த 31க்குள் முன் ஆசனத்தின் முதுகுத் தடிப்பும் அடங்கும். அதைக் கழித்தால் என் முழங்காலுக்கு முன்னால் இரண்டு மூன்று விரல் இடம் மிஞ்சும். முன்னால் இருப்பவர் ஆசனத்தைச் சாய்த்தால் அதுவும் இல்லை. லண்டனுக்கு நேரடிப் பயணம் ஏறத்தாழ 11 மணித்தியாலம்.

ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு வாகனத்தில்தான் வருகிறோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று நிறுத்தி நிறுத்தி இறங்கி நடந்து வர ஒழுங்கு செய்துவிட்டோம். ஆகாயத்தில் அப்படி நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால்தான் ஆசனம் இவ்வளவு முக்கியமாகிறது. முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் சென்னைக்குப் போனபோது நடு ஆசனம் கிடைத்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைந்த அந்தப் பயணத்துக்கே, இறங்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் பிடிக்க வேண்டியதாயிற்று.

எந்த ஆசனம் பொருந்தும் என்பதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அவசர வாசல் வரிசையில் இடம் தாராளம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்த வரிசையில் இருப்பவர் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கவும் மற்றவர்களுக்கு உதவவும் கூடியவராக இருக்க வேண்டும். என்னால் அது முடியாது. அங்கே நான் இருந்தால் மற்றப் பயணிகளுக்கு ஆபத்து, ஆகவே அதை நான் கேட்கவில்லை. அதற்கு முன் வரிசையும் வேண்டாம். பல விமானங்களில் அந்த ஆசனங்கள் சாயாது, எனக்கோ கொஞ்சமாவது சாய வேண்டும்.

தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் உள்ள முதல் வரிசையில், வலது பக்கத்து நடைபாதை ஓரம் என்றால் மிகவும் நல்லது. வலது பக்கம் என்று கேட்பதற்குக் காரணம், அங்கே ஓர ஆசனத்தில் இருப்பவரின் இடது கால்தான் நடைபாதைப் பக்கம் வரும். அந்த வரிசையில் காலடியில் பை வைக்க முடியாது, கைப்பிடியைத் தூக்க முடியாது என்பது தெரியும், சரி, அதைச் சமாளிப்போம். குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு அந்த இடம் தேவைப்பட்டால் அவருக்கே கொடுங்கள். அப்படியானால், நீங்கள் மேலதிக இட ஆசனம் என்று தனியாக விற்கும் வரிசைகளில் ஓர ஆசனம் ஒன்று எனக்குப் போதும்.

இதற்கு மேலதிகக் கட்டணம் உண்டென்றால் இரு வழிக்கும் செலுத்துவேன். மருத்துவக் காரணத்துக்கு உங்கள் விதிமுறையில் சலுகை இருந்தால் அறியத் தாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இணையத்தில் நானே பணம் கட்டி ஆசனம் எடுக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடைசி நேரத்தில் விமானத்தின் வகை மாறினால் எடுத்த ஆசனம் மாறிவிடுகிறது என்று பயண முகவர் சொன்னார். என் பதிவில் மருத்துவக் காரணம் என்று ஒரு குறிப்பு ஏறியிருந்தால், விமானம் மாறினாலும் பார்க்கிறவர்களுக்கு விளங்கும். தயவுசெய்து அந்தக் குறிப்பைப் போட்டுவிடுங்கள், போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும். அத்துடன் நுழைவாயில் வரை சக்கர நாற்காலி உதவியும் வேண்டும். படி ஏறவும் விமானத்துக்குள் நடக்கவும் என்னால் முடியும், நீண்ட வரிசையில் நிற்பதுதான் கஷ்டம்.

உங்கள் மருத்துவத் தகவல் படிவத்தை வைத்தியர் நிரப்ப வேண்டுமென்றால் அதை உடனே அனுப்பி வையுங்கள். அவருடைய கிளினிக் வியாழக்கிழமைகளில் மட்டும்தான், சனமும் அதிகம். மே மாதம் 10ஆம் திகதிக்குள் உங்கள் பதில் வந்தால் வேண்டியதைச் செய்து முடிக்க எனக்கு அவகாசம் இருக்கும்.

ஜூன் 7ஆம் திகதி லண்டனில் என் ஒரே மகளின் கல்யாணம். மணவறையில் இருந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். இறங்கியதும் படுக்கையில் விழுந்துவிடாமல், அன்றைக்கு நானே எழுந்து இருந்து அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன். முன்பதிவில் உள்ள கைபேசி இலக்கத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு அழைத்தால் நானே பேசுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
க. தவராசா

இணைப்பு: 16.04.2026 திகதியிட்ட வைத்தியரின் கடிதம், எம்.ஆர்.ஐ. அறிக்கையின் பிரதி, பயணச்சீட்டுகளின் பிரதி, இருவரது கடவுச்சீட்டுகளின் முதற்பக்கப் பிரதி.